அழைப்புக் கடிதத்தோடு வந்த இரண்டாம் தாள்

சிறப்புரை ஆற்றச் சொல்லிப் பள்ளிகளிலிருந்து வரும் அழைப்புக் கடிதங்களுக்கென்று ஒரு அச்சு இருக்கிறது. மேலே பள்ளியின் சின்னம், அதன்கீழ் கடித எண், தேதி. முதல் பத்தி பள்ளியைப் பற்றி. இரண்டாம் பத்தி என்னைப் பற்றி, பெரும்பாலும் நான் இணையத்தில் போட்டுவைத்திருக்கும் அறிமுகத்திலிருந்து எடுத்தது. மூன்றாவதில் 'தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி எம் மாணவர்கள் பயன்பெறும் வகையில் உரையாற்றுமாறு' கேட்டுக்கொள்வார்கள். பிறகு நாள், நேரம், இடம், கையொப்பம், முத்திரை. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிழையில்லாமல், மரியாதையோடு, ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் படித்து முடித்ததும் எனக்குள் ஒரு அரிப்பு வரும். என்னைப் பற்றி எனக்கே தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். என் எதிரில் உட்காரப்போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 'மாணவர்கள்' என்றால் பத்து வயதா, பதினேழு வயதா? நாற்பது பேரா, நானூறு பேரா? நான் செவித்திறன் பரிசோதிப்பவள், ஆடியாலஜிஸ்ட். 'காது கேட்பது எப்படி' என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதும் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவிக்குச் சொல்வதும் ஒரே பேச்சு இல்லை. முதலாமவருக்குச் செவிப்பறை அதிர்வதைக் காட்டினால் போதும். இரண்டாமவர் உள்காதில் இருக்கும் மயிர்செல்கள் அதிர்வை எப்படி மின்குறிப்பாக மாற்றுகின்றன என்று கேட்பார், கேட்கவும் வேண்டும்.

கடிதம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில் எனக்காக எழுதப்படுவதில்லை, கோப்புக்காக எழுதப்படுகிறது. வெளியாள் ஒருவர் வளாகத்துக்குள் வருகிறார், அவரை முறைப்படி அழைத்தோம், தலைமையாசிரியர் ஒப்புதல் கொடுத்தார் என்பதற்கான சான்று அது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் விடுப்பு வாங்கவும் அந்தத் தாள்தான் உதவுகிறது. ஆனால் பேச்சாளர் உட்கார்ந்து உரையைத் தயாரிக்க அதில் எதுவுமே கிடைக்காது. அந்த இரண்டு வேலைகளையும் ஒரே தாள் செய்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணிக்கைதான் பேச்சைத் தீர்மானிக்கிறது

நான் பள்ளிக்குப் போகும்போது பையில் சில இசைக்கவைகள் இருக்கும். பரிசோதனை அறையில் நாங்கள் பயன்படுத்தும் 512 ஹெர்ட்ஸ் கவை அவற்றில் முக்கியமானது. அதை ரப்பர் கட்டையில் தட்டி, நுனியைத் தண்ணீரில் மெல்லத் தொட்டால் நீர் சிதறும். சும்மா நிற்பதுபோல் தெரியும் உலோகம் உண்மையில் அதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் தருணம் அது. அடுத்து, கவையின் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தால் ஒலி தலைக்குள்ளேயே பிறப்பதுபோல் கேட்கும். காற்று வழியாக மட்டுமல்லாமல் எலும்பு வழியாகவும் உள்காதுக்கு ஒலி போகிறது என்பதை இதைவிட எளிதாக யாராலும் விளக்க முடியாது. கவை கைக்குக் கை போகவேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் தன் தலையில் வைத்துப் பார்க்கவேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில், ஐந்து கவைகளை வரிசைக்கொன்றாக விட்டால், கால் மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். நானூறு பேர் இருக்கும் அரங்கில் இதை நினைத்தே பார்க்க முடியாது. முதல் வரிசைக்கு விளையாட்டு, மற்றவர்களுக்கு வேடிக்கை, கடைசி வரிசைக்கு அதுவும் இல்லை.

அதனால் எண்ணிக்கை தெரியாமல் நான் தயாரிக்கும் உரை ஒரு யூகம்தான். எண்ணிக்கையோடு அறையும் மாறுகிறது. திறந்த வெளியில் பேசினால், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். அரங்குக்குள் அப்படிக் குறைந்துகொண்டே போவதில்லை. ஓரளவு தூரத்துக்குப் பிறகு, பேசுபவரின் வாயிலிருந்து நேராக வரும் ஒலியைவிடச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அதிகமாகிவிடும். பின்வரிசைக்குக் குரல் கேட்கும், சொல் புரியாது. பேச்சாளர்கள் உடனே குரலை உயர்த்துவார்கள். அதனால் பயனில்லை, ஏனென்றால் குரலோடு சேர்ந்து எதிரொலிப்பும் அதே அளவு உயரும். சிறிய வகுப்பறைகளில் எதிரொலிப்பு தேயும் நேரம் 0.6 விநாடிக்குள் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவின் வகுப்பறை ஒலியியல் தரநிர்ணயம் சொல்கிறது. வெறும் சிமென்ட் சுவரும் தகரக் கூரையும் கொண்ட பெரிய அரங்கில் அது இதைவிடப் பல மடங்கு நீளலாம். கருவியெல்லாம் வேண்டாம். காலி அரங்கின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை அங்கேயே செத்தால் நல்ல அறை. கொஞ்ச நேரம் சுற்றித் திரிந்தால், அங்கே நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டும், ஒலிபெருக்கிகளை மேடையில் மட்டும் வைக்காமல் பக்கவாட்டிலும் வைக்கவேண்டும்.

பொதுவாகப் பள்ளிகள் பெரிய அரங்கையே விரும்புகின்றன. வெளியாள் வருகிறார், ஒரு வகுப்பு மட்டும் கேட்டால் போதுமா, எல்லோரும் கேட்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான் காரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சாளர் எட்டாம் வகுப்புக்குப் பேசுவார். சின்னவர்கள் சலசலப்பார்கள், பெரியவர்கள் மடியில் வேறு புத்தகம் விரிப்பார்கள். கேட்ட தலைகளை எண்ணினால் நானூறு வரும். என்ன கேட்டாய் என்று மறுநாள் விசாரித்தால் எத்தனை தேறும் என்பது வேறு கணக்கு.

இந்தக் கவலை புதிதல்ல. 1813-இல், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், இருபத்தொரு வயது மைக்கேல் ஃபாரடே தன் நண்பர் ஒருவருக்கு வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். சொற்பொழிவு என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதுதான் பொருள். அவர் தொடங்கியது பேச்சாளரின் நாவன்மையிலிருந்து அல்ல, அறையிலிருந்து. அரங்கின் வடிவம், காற்றோட்டம், மக்கள் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி, கேட்க வருபவர்கள் எப்படிப்பட்டவர்கள், எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று போகும் அந்தக் கடிதங்கள். பின்னாளில் அதே நிறுவனத்தில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடர்களைப் பத்தொன்பது முறை நடத்தியவர் அவர். மெழுகுவத்தி ஒன்றை வைத்துக்கொண்டு வேதியியல் சொன்னவர் முதலில் யோசித்தது கதவையும் ஜன்னலையும் பற்றி என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு கவரில் இரண்டு தாள்

இந்த எரிச்சலெல்லாம் ஒருமுறை உடைந்தது. வழக்கமான அழைப்புக் கடிதம்தான் வந்தது, சின்னம், எண், பொன்னான நேரம் எல்லாம் இருந்தது. ஆனால் அதனுடன் இன்னொரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. தலைப்பு 'பேச்சாளருக்கான குறிப்பு'. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பெயர், இடம் இவற்றை எடுத்துவிட்டு முக்கியமான பகுதியைத் தருகிறேன்:

"மேடம், வணக்கம். தலைமையாசிரியரின் கடிதத்தோடு இதையும் படித்துவிடுங்கள். வரப்போவது எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகள், மொத்தம் எழுபத்தாறு பேர். வயது 13. ஒலி பாடம் போன மாதம் முடிந்தது. அதிர்வெண், வீச்சு தெரியும். டெசிபல் என்ற சொல் பாடத்தில் வந்தது, ஆனால் அது எப்படி அளக்கப்படுகிறது என்று தெரியாது. மடக்கை இன்னும் படிக்கவில்லை. பாடம் தமிழில் நடக்கிறது, ஆங்கிலச் சொற்களும் பழக்கம்தான்.

இடம் மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடம். நீள மேசைகள், குழுவாக உட்காரலாம். புரொஜெக்டர் உண்டு, ஹெச்.டி.எம்.ஐ. கம்பி மட்டும்தான் இருக்கிறது. ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. தெற்குப் பக்க ஜன்னலுக்குத் திரை இல்லை, மதியம் படம் மங்கலாகத் தெரியும். அதனால் காலை இரண்டாம் பாடவேளையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த பாடவேளை உடற்கல்வி. தாமதமானால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நீங்கள் பேச நாற்பது நிமிடம், கேள்விக்குப் பதினைந்து நிமிடம். வரவேற்பும் நன்றியுரையும் இந்தக் கணக்கில் இல்லை, அவற்றுக்கு வேறு ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன். முழு நேரமும் நானும் இன்னொரு ஆசிரியரும் அறைக்குள் இருப்போம். புகைப்படம் பள்ளியே எடுக்கும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வெளியில் பகிர வேண்டாம்.

இதோடு பிள்ளைகள் எழுதித் தந்த கேள்விகள் சிலவற்றை இணைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை."

எனக்கு முன்னால் பேச வந்தவர்களோடு அவர் பட்ட பாடு அந்தத் தாளில் வரிக்கு வரி தெரிகிறது. 'ஹெச்.டி.எம்.ஐ. கம்பி மட்டும்தான்' என்று எழுத, யாரோ ஒருவர் மடிக்கணினியோடு வந்து பொருந்தாத துளையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். ஸ்பீக்கர் இல்லை என்ற வரி எனக்கு மிகவும் தேவைப்பட்டது. நான் ஒலியை இசைத்துக் காட்டவேண்டியவள். சொந்த ஸ்பீக்கரைக் கொண்டுபோனேன். படவில்லைகளைப் பள்ளியின் கணினியில் போடாமல் என் கணினியிலேயே காட்ட முடிவுசெய்தேன். வேறு கணினியில் திறந்தால் தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாக உடையும். பி.டி.எஃப். ஆக மாற்றினால் எழுத்து நிற்கும், ஆனால் உள்ளே பதித்துவைத்த ஒலி போய்விடும்.

மடக்கை தெரியாது என்ற வரிதான் உரையின் நடுப்பகுதியையே மாற்றியது. டெசிபலை மடக்கை இல்லாமல் எப்படிச் சொல்வது? உலக சுகாதார நிறுவனம் சிறுவர்களுக்கென்று ஒரு வரம்பு தந்திருக்கிறது: இயர்போனில் 75 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பாதியாக்குவது எட்டாம் வகுப்புக்குத் தெரியும்தானே? 75-க்கு எதிரே 40 என்று எழுதிவிட்டு அடுத்த வரிகளை அவர்களிடம் விடத் திட்டமிட்டேன். 78-க்கு 20, 81-க்கு 10, 84-க்கு 5, 87-க்கு இரண்டரை. 90-க்கு வரும்போது வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் மிஞ்சுகிறது. எண்கள் பதினைந்துதான் ஏறியிருக்கின்றன, நேரம் எங்கிருந்து எங்கே வந்துவிட்டது என்பதை அவர்களே கரும்பலகையில் பார்ப்பார்கள். மடக்கை என்ற சொல்லைச் சொல்லாமலே மடக்கையின் குணம் புரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பாக இருந்தால் இதை நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன், அவர்களுக்குச் சலித்திருக்கும்.

அடியில் இருந்த நான்கு வரி

தாளின் கடைசியில், கேள்விகளுக்கு முன்னால், இது இருந்தது:

"வகுப்பில் ஒருவர் செவிக்கருவி அணிபவர். அவரிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். செவிக்கருவியைப் பற்றிப் பேசலாம், தன்னை எடுத்துக்காட்டாக எழுப்பி நிறுத்த வேண்டாம் என்பது அவர் நிபந்தனை."

என் பையில் எப்போதும் இன்னொரு விளையாட்டும் உண்டு. 8,000 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே மேலே போகும் ஒரு கீச்சொலி. கேட்பவர்கள் கையைத் தூக்கவேண்டும், கேட்காமல் போனதும் இறக்கவேண்டும். வயது ஏற ஏற உயர் அதிர்வெண்கள்தான் முதலில் கழன்றுபோகும் என்பதால் 15,000-ஐத் தாண்டும்போது ஆசிரியர்களின் கைகள் ஒவ்வொன்றாக விழும், பிள்ளைகளின் கைகள் நிற்கும். சிரிப்பும் கூச்சலும் அள்ளும். எந்தக் கூட்டத்தையும் எழுப்பி உட்காரவைக்கும் உத்தி அது.

அந்த நான்கு வரியைப் படித்த பிறகு அதே காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். செவிக்கருவிகள் பேச்சுக்கு வேண்டிய அதிர்வெண்களைப் பெருக்கத்தான் வடிவமைக்கப்பட்டவை. 8,000, 10,000-க்கு மேலே அவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. எழுபத்தைந்து கைகள் நிற்கும் அறையில் ஒரு கை முதலிலேயே இறங்கும். அல்லது, அந்தப் பிள்ளை கேட்பதுபோல் பக்கத்துக் கையைப் பார்த்து நடிக்கவேண்டும். ஆசிரியை பெயரைச் சொல்லாமல் காத்ததை என் விளையாட்டு ஒரே நிமிடத்தில் கூட்டத்துக்கு நடுவே போட்டு உடைத்திருக்கும். கேட்கும் திறனைப் பற்றிப் பேசப் போகிறவள் நான். என் பேச்சு யாருடைய வாழ்க்கையோ அவரே முன்னால் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத்தான் முதலில் தோன்றவேண்டும். எல்லாத் துறைக்கும் இது வரும். நீரிழிவைப் பற்றிப் பேச வருகிறவருக்கு எதிரே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருக்கலாம். சாலைப் பாதுகாப்பு சொல்ல வரும் அதிகாரி, விபத்தில் பறிகொடுத்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் படம் போட்டுக் காட்டலாம். அவர்களுக்கு இதைத் தெரிவிக்கக்கூடிய ஆள் வகுப்பாசிரியர் மட்டும்தான். தெரிவிக்க இருக்கும் வழி, அந்த அழைப்பு மட்டும்தான்.

விளையாட்டை விட மனமில்லை. மாற்றினேன். கைதூக்கலை முழுக்க எடுத்துவிட்டு, அலைவரிசையைப் படமாகக் காட்டும் செயலியைத் திரையில் போட ஏற்பாடு செய்தேன். ஒலி எந்த அதிர்வெண்ணில் இருக்கிறதோ அங்கே ஒரு கோடு எழும், ஒலி ஏற ஏறக் கோடு வலப்பக்கம் நகரும். கேட்காதவருக்கும் கண்ணுக்குத் தெரியும். சோதிக்கப்படுபவர்கள் ஆசிரியர்கள் இருவரும் நானும் மட்டும், பிள்ளைகள் பார்வையாளர்கள். ஒலியளவையும் முன்பே அளவுமானியால் சரிபார்த்துக் குறைவாக வைத்தேன். உயர் அதிர்வெண் ஒலியில் இது கட்டாயம். நடத்துகிற நமக்கே அது கேட்காது என்பதால், போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவோம், பிள்ளைகளின் காது வாங்கிக்கொண்டிருக்கும்.

வேறு சிலவும் மாறின, சின்னச் சின்னதாக. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது, எழுதி முடித்துத் திரும்பிய பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும். புரொஜெக்டருக்காக எல்லா விளக்கையும் அணைக்கக் கூடாது, என் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும். யாராவது கேள்வி கேட்டால் அதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லவேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு இவை இன்றியமையாதவை. அன்று கடைசி மேசையில் இருந்தவர்களுக்கும் இவையே உதவின.

அன்று கீச்சொலி 14,000-க்கு வந்தபோது என் கை இறங்கியது. திரையில் கோடு நின்றுகொண்டிருந்தது. "மேடம், இன்னும் சத்தம் வருது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சர் என்னைவிடக் கொஞ்ச தூரம் போனார். உடற்கல்வி ஆசிரியர் எங்கள் இருவருக்கும் முன்பே விழுந்தார், விசில் காரணமாக இருக்குமோ என்று ஒரு பையன் சந்தேகம் கிளப்பினான். நல்ல சந்தேகம். விசிலைக் காதருகே அடிக்கடி ஊதுகிறவர்களுக்கு அது காரணமாகக்கூடும், ஆனால் ஒரு கீச்சொலியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்று சொன்னேன். யார் அந்தச் செவிக்கருவிக்காரர் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை, தேடவும் இல்லை.

கேள்வி நேரம் என்ற மாயை

தாளில் இணைத்திருந்த கேள்விகளைப் பற்றிச் சொல்லவேண்டும். 'ஏதாவது கேள்வி இருக்கிறதா?' என்று பேச்சின் முடிவில் கேட்டால் என்ன நடக்கும் என்று பள்ளிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். அமைதி. அந்த அமைதியைப் பொறுக்காமல் ஆசிரியர் ஒருவர், 'கேளுங்கப்பா, எவ்வளவு தூரம் வந்திருக்காங்க' என்பார். பிறகு வழக்கமாகக் கேட்கும் பிள்ளை எழுந்து, வழக்கமான கேள்வியைக் கேட்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியியல் ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வெளியாள் முன்னால் அந்த ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை, விருந்தாளியின் எதிரே அமைதி விழுந்தால் பள்ளிக்குக் கூச்சமாகிவிடுகிறது.

முன்கூட்டியே எழுதி வாங்கிய கேள்விகள் இந்தச் சிக்கலை ஒரேயடியாகத் தாண்டிவிடுகின்றன. 'காதுக்குள் தண்ணி போனா ஏன் பாட்டு மாதிரி சத்தம் வருது', 'என் குரலை ரெக்கார்டு பண்ணிக் கேட்டா வேற யாரோ மாதிரி இருக்கு ஏன்', 'தாத்தாவுக்கு நான் பேசுறது கேக்காது ஆனா பாட்டி திட்டுறது கேக்குது' என்றெல்லாம் இருந்தன. இரண்டாவது கேள்வி இசைக்கவையோடு நேரே பொருந்தியது. நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, பதிவில் காற்று வழி மட்டும்தான் இருக்கிறது. அதனால் கவையைத் தலையில் வைக்கும் பகுதிக்கு முன்னால் அந்தக் கேள்வியைப் படித்தேன். தாத்தா கேள்விக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது வேடிக்கைக் கேள்வி இல்லை. வயதாகும்போது உயர் அதிர்வெண்கள் முதலில் போகின்றன, ச, த, க போன்ற மெய்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பெண்களின், சிறுவர்களின் மென்குரல் பின்வாங்கும். திட்டும் குரலோ உரத்தும் நிறுத்தியும் எதிரே நின்றும் வரும், கேட்காமல் என்ன செய்யும்?

நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. '10 முதல் 11 வரை' என்று கடிதம் சொன்னால் அதை நான் முப்பத்தைந்து நிமிடமாகப் படிப்பேன். வரிசையாக வந்து உட்கார, மைக் சரிபார்க்க, வரவேற்க, என்னை அறிமுகப்படுத்த, நன்றி சொல்ல என்று மீதி போய்விடும். இந்த ஆசிரியை பேச்சுக்கான நேரத்தைத் தனியே பிரித்து எழுதியிருந்தார். அறிமுகம்கூட ஒரு மாணவி, நான் அனுப்பிய மூன்று வரியை வைத்து, அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

யார் எழுதவேண்டும்?

இதைச் சில ஆசிரிய நண்பர்களிடம் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. 'எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற எழுத்துவேலை போதாதா? வேண்டியதைப் பேச்சாளர்தானே கேட்டு வாங்கவேண்டும்?' என்றார் ஒருவர். பாதி நியாயம் இருக்கிறது. புரொஜெக்டர், கம்பி, அறை, எண்ணிக்கை எல்லாவற்றையும் நான் கேட்கலாம், இப்போது கேட்கவும் செய்கிறேன். அழைப்பு வந்ததும் ஒப்புதலோடு கூடவே ஒரு சிறு கேள்விப் பட்டியலையும் அனுப்பிவிடுகிறேன்: எந்த வகுப்பு, எத்தனை பேர், பாடத்தில் எதுவரை வந்திருக்கிறீர்கள், எந்த அறை, எனக்கு முன்னும் பின்னும் என்ன பாடவேளை, வாசலில் யாரைக் கேட்கவேண்டும், அவருடைய தொலைபேசி எண் என்ன. பயணச் செலவு உண்டா இல்லையா என்பதையும் கேட்டுவிடுகிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதட்டும், இரு பக்கமும் நிம்மதி.

ஆனால் அந்த நான்கு வரியை நான் கேட்டு வாங்க முடியாது. 'உங்கள் வகுப்பில் யாருக்கு என்ன குறை?' என்று முன்பின் தெரியாத ஒருத்தி மின்னஞ்சலில் கேட்டால் எந்தப் பள்ளியும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால்தான் தவறு. பெயரோடு எழுதி அனுப்பிவிட்டால் அது என் அஞ்சல்பெட்டியில், பள்ளியின் கோப்பில், யார் யார் கணினியிலோ கிடக்கும். அதனால் நான் கேட்பது வேறு விதமாக இருக்கிறது: 'நான் தொடப்போகும் விஷயங்கள் இவை, செய்துகாட்டப்போவது இவை. இவற்றில் உங்கள் வகுப்பில் வேண்டாம் என்று நினைப்பது எதாவது உண்டா? காரணம் சொல்ல வேண்டியதில்லை.' சிலர் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒருவர், 'கீச்சொலியை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பள்ளியில் கவைகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசிவிட்டு வந்தேன்.

அதிகாரபூர்வக் கடிதம் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். அதில் மடக்கையையும் ஜன்னல் திரையையும் நுழைத்தால் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடத் தயங்குவார். இரண்டாம் தாளை வகுப்பை அறிந்தவர் எழுதட்டும், அரைப் பக்கம் போதும். அதற்குப் பதிலாகப் பேச்சாளரும் ஒன்று செய்யலாம் என்பது என் கட்சி. எழுதி வாங்கிய கேள்விகளில் நேரமில்லாமல் விடுபட்டவற்றுக்கு இரண்டு மூன்று வரியில் பதில் எழுதி அந்த ஆசிரியருக்கு அனுப்பிவிடுவது. எட்டாம் வகுப்புக்காரர்களுக்கு அப்படி அனுப்பினேன். தண்ணீர் போன காதின் பாட்டைப் பற்றிக் கேட்டவனுக்கான பதில்தான் நீண்டுவிட்டது, அதில் குச்சி விட்டுக் குடையாதே என்பதையும் சேர்க்கவேண்டியிருந்தது.